இருமலுக்கு லீவோஃப்ளாக்சசின் எழுதும் முன்: வடசென்னை கிளினிக் டாக்டர்களுக்கும் மெடிக்கல் கடைக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களே, மெடிக்கல் கடை நடத்தும் அண்ணன்மாரே, வணக்கம்.

நான் பெரம்பூர் பக்கம் ஒரு சிறிய ஆய்வகத்தில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். உங்களில் பலருடைய சீட்டைக் கையெழுத்தைப் பார்த்தே யாருடையது என்று சொல்லிவிடுவேன். நீங்கள் அனுப்பும் இரத்தம், சிறுநீர், எப்போதாவது சளி, எல்லாம் எங்கள் மேசைக்குத்தான் வருகிறது. அந்த 'எப்போதாவது' பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இருமலோடு வருகிறவர்களுக்கு நீங்கள் எழுதும் ஒரு மாத்திரை காசநோயை மறைத்துவிடுவதைப் பற்றியும்.

என் தம்பி வியாசர்பாடியில் இருக்கிறான். ஏசி மெக்கானிக். 2022 ஜனவரியில் அவனுக்கு இருமல் ஆரம்பித்தது. வயது அப்போது முப்பத்து நாலு, எடை 58 கிலோ. கொரோனா மூன்றாவது அலை ஓடிக்கொண்டிருந்த மாதம் அது. இருமினால் எல்லோருக்கும் அந்த ஒரு பயம்தான். சோதனையில் கொரோனா இல்லை என்று வந்ததும் நிம்மதியாகிவிட்டோம். தெருமுனை கிளினிக்கில் லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக், 500 மில்லிகிராம், ஐந்து நாளைக்கு எழுதினார்கள். கூட ஒரு இருமல் டானிக். மூன்றாம் நாளே மாலை ஜுரம் நின்றது. பத்துப் பன்னிரண்டு நாள் நன்றாக இருந்தான், அப்புறம் ஜுரம் திரும்பி வந்தது. இரண்டாவதாகப் போன கிளினிக்கில் அதே மருந்து 750, ஏழு நாள். மறுபடி சரியாகி, மறுபடி வந்தது. மூன்றாவது முறை டாக்டரிடமே போகவில்லை. பழைய சீட்டை மெடிக்கல் கடையில் காட்டி இன்னும் ஐந்து நாள் மாத்திரை வாங்கிக்கொண்டான். "போட்டா நின்னுடுதுக்கா, நல்ல மாத்திரை" என்று போனில் என்னிடம் சொன்னான். நானும் சரி என்று விட்டுவிட்டேன். ஆய்வகத்தில் வேலை செய்கிற நான் ஒரு சளி டப்பாவை அவன் கையில் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

மொத்தம் பதினேழு நாள் லீவோஃப்ளாக்சசின், மூன்று தவணையாக. மார்ச் கடைசியில் சளியில் இரத்தம் வந்தபோது எடை 49 கிலோ.

இதில் உங்கள் பங்கு என்ன என்று கேட்கலாம். குற்றம் சுமத்த எழுதவில்லை. ஆனால் அந்த மாத்திரை ஏன் மூன்று முறையும் 'வேலை செய்தது' என்பதை நாம் எல்லோரும் யோசிக்க வேண்டும். லீவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியை நன்றாகக் கொல்லும். அதனால்தான் ஜுரம் நின்றது. சாதாரண நெஞ்சுச் சளி என்று நினைத்துக் கொடுத்தோம், ஜுரம் நின்றது, ஆகவே அது சாதாரணச் சளிதான் என்று முடிவுக்கு வந்தோம். உண்மையில் அவன் காசநோய்க்கு ஒற்றை மருந்தால் அரைகுறை வைத்தியம் நடந்துகொண்டிருந்தது.

அந்த அரைகுறை வைத்தியம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். நுரையீரலில் பொத்தல் விழுந்த நோயாளியின் உடம்பில் பத்துக் கோடி கிருமி இருப்பது சாதாரணம். கிருமி இரண்டாகப் பிரியும்போது மரபணுவில் எழுத்துப்பிழை வரும். தற்செயலாக வருவது அது, மருந்து உண்டாக்குவதல்ல. காசநோய்க்கான முக்கிய மருந்துகளில் ஒன்றான ஐசோனியசிட்டுக்குச் சாகாத கிருமி ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒன்று பிறக்கிறது. இன்னொரு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குச் சாகாதது பத்துக் கோடியில் ஒன்று. அப்படியென்றால் ஒரு மாத்திரைகூடப் போடாத நோயாளியின் பொத்தலிலேயே ஐசோனியசிட்டை எதிர்க்கும் கிருமி நூறு இருக்கும், ரிஃபாம்பிசினை எதிர்ப்பது ஒன்று இருக்கும். இரண்டையும் சேர்த்து எதிர்க்கிற ஒன்று தானாகப் பிறக்க நூறு லட்சம் கோடி கிருமி வேண்டும். அத்தனை கிருமி எந்த மனித உடம்பிலும் இல்லை. காசநோய்க்கு முதல் நாளிலிருந்தே நாலு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது இந்தக் கணக்கினால்தான். ஒன்றுக்குத் தப்பியதை இன்னொன்று பிடித்துவிடும்.

ஒற்றை மருந்து கொடுத்தால் அந்தக் காவல் போய்விடுகிறது. சாகக்கூடியதெல்லாம் செத்து, ஜுரம் குறையும். தப்பியது மெதுவாக, கிட்டத்தட்ட ஒரு நாளைக்கு ஒரு முறை, இரண்டாகப் பிரிந்து பெருகும். சில வாரத்தில் இருமல் திரும்பும்போது பொத்தலில் இருப்பது பெரும்பாலும் தப்பியவற்றின் வாரிசுகள். மறுபடி அதே மருந்தைக் கொடுத்தால் மிச்சமிருந்த நல்ல கிருமிகளும், அதாவது மருந்துக்குச் சாகிறவையும், போய்விடும். ஒரே தவணை, ஐந்து நாளோடு நின்றால் ஆபத்து குறைவு. பத்து நாளைத் தாண்டி, தவணை மேல் தவணையாகப் போகும்போதுதான் ஃப்ளோரோகுயினலோன் எனும் லீவோஃப்ளாக்சசின் வகை மருந்துகளுக்கு எதிர்ப்பு அதிகம் காணப்படுகிறது. என் தம்பி விஷயத்தில் இரண்டும் நடந்தது.

இனி சோதனைகள். நான் நன்றாக அறிந்த பகுதி இது, கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ஏனென்றால் ஒரு ரிப்போர்ட் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

மைக்ராஸ்கோப்பில் சளியைப் பார்த்தால் கிருமி இருக்கிறதா என்றுதான் தெரியும். எதிர்ப்புள்ள கிருமியும் எதிர்ப்பில்லாத கிருமியும் கண்ணாடித்தகட்டில் ஒரே சிவப்புக் குச்சிதான். தம்பியின் சளியை மாநகராட்சி சுகாதார நிலையம் வழியாக சிபிநாட் சோதனைக்குக் கொடுத்தோம். இரண்டு மணி நேரத்தில் முடிகிற சோதனை, காசு கிடையாது. கிருமியின் ஒரு மரபணுவில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு சின்னத் துண்டை மட்டும் அந்தக் கருவி பார்க்கிறது. ரிஃபாம்பிசின் போய் ஒட்டுகிற இடத்துக்கான எழுத்துகள் அவை. பிழை இருந்தால் ரிஃபாம்பிசின் வேலை செய்யாது. தம்பியின் ரிப்போர்ட்டில் கிருமி உண்டு, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உண்டு என்று வந்தது.

எனக்குக் கை நடுங்கியது. அவன் வாழ்நாளில் காசநோய் மாத்திரை தொட்டதில்லை. அப்புறம் எப்படி ரிஃபாம்பிசின் எதிர்ப்பு வரும்? நிறையப் பேர் நினைப்பதுபோல இது மாத்திரையைப் பாதியில் விட்டவர்களுக்கு மட்டும் வருவதல்ல. பாதியில் விட்ட யாரோ ஒருவரிடமோ, தவறான மருந்து கொடுக்கப்பட்ட ஒருவரிடமோ அது உருவாகிறது. அதற்குப் பிறகு காற்றில் அடுத்தவருக்கு, உருவான வடிவிலேயே போகிறது. 2014 முதல் 2016 வரை நடந்த தேசிய மருந்து எதிர்ப்பு ஆய்வில், இதற்கு முன் காசநோய் மருந்தே எடுக்காத நோயாளிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பேருக்கு ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் இரண்டுக்குமே எதிர்ப்பு இருந்தது. ஏற்கெனவே எடுத்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ பன்னிரண்டு. ஆகவே 'புது நோயாளிதானே' என்று எதிர்ப்புச் சோதனை செய்யாமல் நாலு மருந்தை ஆரம்பித்துவிடக் கூடாது.

சிபிநாட்டுக்கும் அதைப் போன்ற ட்ரூநாட் சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு. 'ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை' என்று வந்தால், எல்லா மருந்தும் கேட்கும் என்று பொருள் இல்லை. ஐசோனியசிட்டைப் பற்றி அந்த ரிப்போர்ட் வாயே திறக்கவில்லை. அதே தேசிய ஆய்வில் புது நோயாளிகளில் நூற்றுக்குப் பதினோரு பேருக்கு ஐசோனியசிட் எதிர்ப்பு இருந்தது. அதைப் பார்க்க எல்பிஏ என்ற இன்னொரு சோதனை வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிபிநாட் செத்த கிருமியின் மரபணுவையும் பிடிக்கும். அதனால் சிகிச்சைக்கு நடுவில் 'குணமாகிறதா பார்க்கலாம்' என்று அதை எழுதாதீர்கள். கிருமி செத்துக்கொண்டிருக்கும்போதும் பாசிட்டிவ் வந்து குடும்பத்தையே கலங்கடிக்கும். நடுவில் பார்க்க வேண்டியது சளியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர்.

எல்பிஏ ரிப்போர்ட் ஒரு வாரத்தில் வந்தது. அது ஒரு நீளமான காகிதப் பட்டை. கிருமியின் மரபணு சரியாக இருந்தால் குறிப்பிட்ட இடங்களில் கோடு விழும். பிழை இருந்தால் அந்தக் கோடு காணாமல் போய், பிழைக்கென்று வைத்த இடத்தில் வேறு கோடு தெரியும். தம்பியின் பட்டையில் ஐசோனியசிட்டுக்கும் எதிர்ப்பு, ஃப்ளோரோகுயினலோனுக்கும் எதிர்ப்பு. லீவோஃப்ளாக்சசின் அந்த வகையைச் சேர்ந்தது.

அந்த எதிர்ப்பு பதினேழு நாள் மாத்திரையால் வந்ததா, அவனுக்கு நோயைக் கொடுத்தவரிடமிருந்தே வந்ததா என்று பட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஜனவரியில் எடுத்த சளி இருந்திருந்தால் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். ஜனவரியில்தான் யாரும் சளி எடுக்கவில்லையே. ஒன்று மட்டும் உறுதி. அந்த மூன்று மாதமும் ஜுரம் இறங்கி இறங்கி ஏறிய இடைவெளியில், இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கும் ஒரே அறையில் அவன் இருமிக்கொண்டே படுத்திருந்தான்.

இந்த ஒரு எதிர்ப்பு கூடுதலாக இருந்ததன் விலை என்ன என்று சொல்கிறேன். ரிஃபாம்பிசின் எதிர்ப்பு மட்டும் இருந்திருந்தால், அவன் உடல்நிலைக்கு ஒன்பது முதல் பதினோரு மாதச் சிகிச்சைக்கு வாய்ப்பு இருந்தது. ஃப்ளோரோகுயினலோன் எதிர்ப்பு இருந்தால் அந்தக் கதவு மூடிவிடும். அவனுக்குப் பதினெட்டு முதல் இருபது மாதம் என்றார்கள். இருபது மாதமே ஆனது, 2022 மே முதல் 2023 டிசம்பர் வரை. பெடாகுலின், லைனசோலிட், கிளோஃபாசிமின், சைக்ளோசெரின், லீவோஃப்ளாக்சசினுக்குப் பதிலாக வேறொன்று, கூடவே வைட்டமின் பி6. ஊசி இல்லை, அது ஒரு பெரிய ஆறுதல். மருந்தும் சோதனையும் இலவசம். ஆரம்பிக்கும் முன் ஈசிஜி, அப்புறம் குறித்த இடைவெளியில் ஈசிஜி. பெடாகுலினும் கிளோஃபாசிமினும் இதயத்துடிப்பின் மின்னோட்டத்தில் ஒரு இடைவெளியை நீட்டிவிடும், அது எல்லை மீறினால் ஆபத்து.

மூன்றாம் மாதக் கல்ச்சர் நெகட்டிவ் வந்தது, நான்காம் மாதமும். கல்ச்சரில் கிருமி வளரவில்லை என்று சொல்லவே 42 நாள் காத்திருக்க வேண்டும், அதனால் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் வரும்போது அது ஒன்றரை மாதத்துக்கு முந்தைய செய்தி. நெகட்டிவ் வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் முடிந்துவிட்டது என்ற எண்ணம். உண்மையான கஷ்டம் அதற்கப்புறம்தான் தொடங்கியது. இருமல் இல்லை, ஜுரம் இல்லை, எடை ஏறுகிறது, ஆனால் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் மாத்திரை. நோயின் தொந்தரவு போய், மாத்திரையின் தொந்தரவு மட்டும் மிச்சம்.

ஐந்தாம் மாதத்தில் உள்ளங்கால் மரத்துப்போனது. செருப்பு கழன்றது தெரியாமல் நடந்து வந்தான். லைனசோலிட் நரம்பைத் தாக்குகிறது, இரத்தத்தையும் குறைக்கிறது. அவன் ஹீமோகுளோபின் 8.6க்கு இறங்கியது. அளவை 600லிருந்து 300 ஆகக் குறைத்தார்கள். இரத்தம் தேறியது, கால் மரப்பு இன்றும் முழுதாகப் போகவில்லை. கண்ணில் நிறம் மங்குகிறதா என்று மாதாமாதம் கேட்பார்கள், பார்வை நரம்பையும் அது தாக்கக்கூடும். கிளோஃபாசிமின் தோலைக் கருக்க வைத்தது. உறவுக்காரக் கல்யாணத்தில் மூன்று பேர் கேட்டார்கள், "என்னப்பா இப்படிக் கருத்துட்டே?" அதற்கப்புறம் எந்த விசேஷத்துக்கும் வரமாட்டேன் என்றுவிட்டான்.

சைக்ளோசெரின்தான் குடும்பத்தை அதிகம் உலுக்கியது. ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்வான். மனைவி மாத்திரையில் என்னமோ கலக்கிறாள் என்று ஒரு நாள் சொன்னான். அவள் அழுதுகொண்டு எனக்குப் போன் செய்தாள், "அண்ணி, இவர் இப்படிப் பேசுற ஆளே இல்ல." அது அவன் பேச்சல்ல, மருந்தின் பேச்சு என்று எங்களுக்கு முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் அந்த இரண்டு வாரம் அந்த வீடு அப்படி உடைந்திருக்காது. மனநல டாக்டரிடம் காட்டி, அளவை மாற்றி, சரியானது. மருந்தின் பெயரோடு அதன் தொந்தரவையும் வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவையுங்கள் என்று நான் பார்க்கிற டாக்டர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நோயாளியிடம் மட்டும் சொன்னால் போதாது, புத்தி தடுமாறுகிறவர் தன்னைத் தானே கவனிக்க முடியாது.

ஏணியில் ஏறி வேலை செய்கிறவனுக்குக் கால் மரத்தால் வேலை ஏது? ஒரு வருடத்துக்கு மேல் வருமானம் இல்லை. அரசு ஊட்டச்சத்துக்காகக் கொடுத்தது அப்போது மாதம் 500 ரூபாய். 2024 நவம்பரிலிருந்து அது 1000 ஆகியிருக்கிறது. வாடகை மட்டும் 5,500. தம்பி மனைவி பிளவுஸ் தைத்தாள், இரண்டு வளையல் அடகுக்குப் போனது, மிச்சத்தை நான் பார்த்துக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் நிமோனியா என்றே சொல்லியிருந்தோம். பெரியவளின் பள்ளியிலும் அதுதான் சொன்னோம். பொய் சொல்லிப் பழக்கமில்லாத பிள்ளை, "நிமோனியா"வை மனப்பாடம் செய்துகொண்டு போனாள்.

வீட்டில் வைத்தியம் பார்த்தால் மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளாதா என்று உறவினர்கள் கேட்டார்கள். அதற்கான பதில் நம் ஊரிலேயே கிடைத்ததுதான். சேத்துப்பட்டில் 1956ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டில் மருந்து எடுத்தவர்களையும் சானடோரியத்தில் எடுத்தவர்களையும் ஒப்பிட்டு 1959ல் முடிவை வெளியிட்டது. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாக வரவில்லை. தொற்றும் ஆபத்து பெரிதும் மருந்து ஆரம்பிக்கும் முன்னால்தான். அதாவது எங்கள் வீட்டுக்கு ஆபத்தான காலம் அந்த ஜனவரி முதல் மே மாதம் மருந்து ஆரம்பிக்கும் வரை. கிருமிக்குக் கேட்காத மருந்து கொடுத்தாலும் அதே கதைதான், அதனால்தான் எதிர்ப்பைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது இவ்வளவு முக்கியம்.

சின்னவனுக்கு அப்போது மூன்று வயது. சாதாரணக் காசநோயாளி வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், அதற்கு நோய் இல்லை என்று உறுதிசெய்துவிட்டுத் தடுப்பு மருந்து கொடுப்பார்கள், அதில் ஐசோனியசிட் இருக்கும். எங்கள் வீட்டுக் கிருமிக்கு அது பயன்படாது. ரிஃபாம்பிசின் எதிர்ப்புள்ள நோயாளியின் வீட்டாருக்கு 2024ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த தடுப்பு மருந்து என்ன தெரியுமா? ஆறு மாதம் லீவோஃப்ளாக்சசின். தம்பியின் கிருமிக்கு அதுவும் கேட்காது. அந்தக் குழந்தைக்குக் கொடுக்க எதுவுமே இல்லாமல், இரண்டு வருடம் எடை பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, ஒவ்வொரு சளிக்கும் பயந்து காத்திருந்தோம். கடவுள் புண்ணியத்தில் அவனுக்கு ஒன்றும் வரவில்லை.

இப்போது ரிஃபாம்பிசின் எதிர்ப்புள்ளவர்களுக்கு ஆறே மாதச் சிகிச்சை வந்துவிட்டது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு அனுமதித்தது. பெடாகுலின், பிரெட்டோமானிட், லைனசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின். இருபது மாதம் பார்த்த எங்களுக்கு அந்தச் செய்தி கண்ணீர் வரவைத்தது. நான்காவது பெயரை மட்டும் மறுபடி பாருங்கள். லீவோஃப்ளாக்சசினின் உடன்பிறப்பு. ஒன்றை எதிர்க்கும் கிருமி பெரும்பாலும் மற்றதையும் எதிர்க்கும். நீங்கள் நெஞ்சுச் சளிக்கு எழுதும் மருந்தின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் அந்த ஆறு மாதச் சிகிச்சையின் ஒரு கால்.

நான் கேட்பது இதுதான். இரண்டு வாரம் தாண்டிய இருமல், மாலை ஜுரம், எடை இறக்கம் என்று யார் வந்தாலும், மருந்துக்கு முன் சளி. மாநகராட்சி சுகாதார நிலையத்துக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள், சோதனைக்குக் காசில்லை. எச்சில் வேண்டாம், ஆழமாக இருமி வரும் சளி, முடிந்தால் காலையில் எழுந்ததும் என்று சொல்லி அனுப்புங்கள். டப்பாவில் எச்சில் வந்தால் ரிப்போர்ட் நெகட்டிவ் வரும், நோய் அப்படியே இருக்கும். அதுவரை ஆன்டிபயாடிக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் காசநோய்க் கிருமியைத் தொடாத அமாக்ஸிசிலின், டாக்ஸிசைக்ளின் போன்றவை இருக்கின்றன. லீவோஃப்ளாக்சசினுக்கு உரிய இடங்கள் உண்டு, அது எனக்குத் தெரியும். சோதிக்காத இருமல் அந்த இடமல்ல.

"நான் எழுதாவிட்டால் பக்கத்துக் கிளினிக்குக்குப் போய்விடுவார்" என்று ஒரு டாக்டர் என்னிடமே சொன்னார். உண்மைதான். கூலி வேலையை விட்டு வந்தவருக்கு மூன்றே நாளில் ஜுரம் நிற்க வேண்டும். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். ஒரு தெருவில் இருக்கும் நாலு கிளினிக்கும் ஒரே மாதிரி சளி கேட்டால், அவர் போக வேறு இடம் இருக்காது.

மெடிக்கல் கடை அண்ணன்மாரே, லீவோஃப்ளாக்சசினும் மாக்ஸிஃப்ளாக்சசினும் காசநோய் மருந்துகளும் ஹெச்1 பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது 2014 முதல் சட்டம். என் தம்பி மூன்றாவது முறை பழைய சீட்டோடு வந்து நின்றபோது அந்தப் பதிவேட்டைத் திறந்திருந்தால், ஒரே ஆள், ஒரே மருந்து, இரண்டு மாதத்தில் மூன்றாவது முறை என்று தெரிந்திருக்கும். அந்த இடத்தில் "டாக்டரைப் பாத்துட்டு வாப்பா, சளி டெஸ்ட் எடு" என்ற ஒரு வார்த்தை, இருபது மாதத்தை மாற்றாமல் போயிருக்கலாம். ஆனால் இரத்தம் வரும்வரை காத்திருக்க விட்டிருக்காது.

தம்பி இப்போது வேலைக்குப் போகிறான். ஏணி வேலைக்கு ஒரு பையனை வைத்திருக்கிறான். சிகிச்சை முடிந்த பின் இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை சளிச் சோதனை. கடைசிச் சோதனை இந்த 2025 டிசம்பரில். டப்பாவை நானே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சீட்டுகளைத் தினமும் படிக்கும் ஆய்வக ஊழியை,
பெரம்பூர், சென்னை